முன்பின் அறியாத மூத்தவருக்குப் பதில் எழுதும்போது

80 வயதைக் கடந்த வாசகர் ஒருவர், 24 வயது இளைஞர் எழுதிய காவிரிப் பாசனக் கட்டுரையைப் படித்துவிட்டு அஞ்சலட்டை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "தம்பி, குறுவையைத் தையில் அறுப்பதாக எழுதியிருக்கிறாய். தையில் அறுப்பது சம்பா. மேட்டூர் அணையை 1924இல் கட்டி முடித்தார்கள் என்பதையும் நீ சொல்லவில்லை." முதல் திருத்தம் சரியானது. இரண்டாவது அப்படியல்ல. 1924 என்பது சென்னை மாகாணமும் மைசூரும் காவிரி ஒப்பந்தம் செய்துகொண்ட ஆண்டு. அணை கட்டி முடிந்தது 1934இல். ஆக, ஒரே பதிலில் நன்றியும் சொல்ல வேண்டும், மறுக்கவும் வேண்டும். அந்தப் பதிலில் வினைகள் எப்படி அமைய வேண்டும் என்பதையே இவ்வுரை எடுத்துக்கொள்கிறது.

பெரியவர் 'நீ' என்றதில் குறையேதும் இல்லை. 'தம்பி' என்று அழைத்தவர் 'எழுதியிருக்கிறாய்' என்று முடிப்பதுதான் இயல்பு. ஆனால் அந்த உரிமை ஒருவழிப்பட்டது. பதில் 'நீங்கள்', 'எழுதியிருந்தீர்கள்' என்றே போக வேண்டும்.

இந்த மரியாதைப் பன்மை நேற்று வந்ததல்ல. ஒருவரைப் பன்மையால் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியக் கிளவியாக்கமே குறிப்பிடுகிறது. உயர்த்திச் சொல்லும் பேச்சு வழக்கு அது, இலக்கண நெறியன்று என்கிறது. சங்கப் புலவர்கள் அரசனையே 'நீ' என்று பாடினார்கள், அதில் அவமதிப்பு இருக்கவில்லை. இன்று வயதில் மூத்த அந்நியருக்கு 'நீ' போட்டு எழுதினால் கடிதம் முதல் வரியிலேயே கெட்டுவிடும்.

'கள்' விகுதியைச் சேர்த்துவிட்டால் மட்டும் மரியாதை வந்துவிடுவதில்லை. "நீங்கள் தவறாகச் சொல்கிறீர்கள்" என்பதில் விகுதி குறைவில்லாமல் இருக்கிறது; ஆனாலும் முகத்தில் அடிக்கிறது. முன்னிலை வினையை எந்த வாக்கியத்தில் வைக்கிறோம் என்பதே பெரிது. நன்றி சொல்லும் இடத்தில் அது தாராளமாக வரலாம்: "தையில் அறுப்பது சம்பா என்று எடுத்துக்காட்டியிருந்தீர்கள். மிக்க நன்றி, திருத்திக்கொள்கிறேன்." மறுக்கும் இடத்தில் எழுவாயாக அணையும் ஆண்டும் நிற்கட்டும்: "மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934இல் என்று தெரிகிறது. 1924 காவிரி ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டு." இந்த இரண்டு வாக்கியங்களில் 'நீங்கள்' இல்லை, குற்றவாளியும் இல்லை. செய்தி மட்டும் ஒளிவுமறைவின்றி நிற்கிறது. மூத்தவர் என்பதற்காகத் தவறான ஆண்டை ஒப்புக்கொள்வது மரியாதை ஆகாது. அவரை ஏமாற்றுவதுதான் அது.

'எடுத்துக்காட்டினீர்கள்' என்பதைவிட 'எடுத்துக்காட்டியிருந்தீர்கள்' சற்றுத் தணிவாக ஒலிப்பதையும் கவனிக்கலாம். 'இருந்தீர்கள்' என்ற துணைவினை சொன்னவரையும் சொல்லையும் கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறது. கடிதத்துக்கு அந்தத் தொலைவு பொருந்தும்.

அடிக்கடி நேரும் பிழை கலப்படம். 'தாங்கள்' என்று தொடங்கி, நடுவில் 'உங்கள் கடிதம்' என்று இறங்கி, முடிவில் 'தங்களுக்கு' என்று மறுபடி ஏறுவது. படிப்பவருக்கு, எழுதியவர் ஒவ்வொரு வரியிலும் மரியாதையை அளந்து போட்டதாகத் தோன்றும். 'தாங்கள்' எடுத்தால் 'தங்கள்', 'தங்களுக்கு' என்றே கடைசிவரை போக வேண்டும். அது கைவராதவருக்கு 'நீங்கள்' போதும்.

ஏதேனும் கேட்க வேண்டியிருந்தால் இன்னும் கவனம் தேவை. "பழைய விதைநெல் பெயர்களை எழுதி அனுப்பவும்" என்பது அலுவலக அறிவிப்பு. 'அனுப்புக' என்றால் தேர்வுத்தாள் வாசனை. 'அனுப்புங்கள்' தவறில்லை; ஆனால் முகமறியாதவரிடம் அது ஏவலாகவே நிற்கும். "நேரம் இருந்தால் எழுத முடியுமா, ஐயா?" என்று கேட்கும்போது மறுப்பதற்கும் அவருக்கு இடம் கிடைக்கிறது.

விளியில் 'ஐயா', 'அம்மா' இரண்டும் பெரும்பாலும் போதுமானவை. தெருவில் வழி கேட்கும்போது 'தாத்தா' இனிக்கும். ஒரு செய்தியை எடுத்துக்காட்டிய வாசகரைக் கடிதத்தில் 'தாத்தா' என்றால், அவர் அறிவை விட்டுவிட்டு நரையைப் பார்த்தது போலாகும். அட்டையில் முதலெழுத்துகள் மட்டும் இருந்து ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் 'அன்புடையீர்' என்று தொடங்கலாம். பால் காட்டாத விளி அது.

அட்டை யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தால் ஒன்றைக் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். பழைய நூல்களில் கம்பீரமாகத் தெரியும் 'நீர்', 'சொன்னீர்' அங்கே இன்றும் அன்றாடப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. ஒத்த வயதினரிடமும் இளையவரிடமும் பேச அது பயன்படுகிறது. இலக்கியச் சுவைக்காகத் தமிழ்நாட்டு இளைஞர் அங்குள்ள முதியவருக்கு 'நீர் எழுதியிருந்தீர்' என்று எழுதினால், அவரைத் தன் தோழராக்கிக்கொண்டதாகவே படும். 'நீங்கள் எழுதியிருந்தீர்கள்' என்பதில் அந்தச் சிக்கல் எழுவதில்லை.