கடன் எடுக்கமுன் வாங்குபவரைத் தேடுங்கள்
(வாழ்வாதார உதவிக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



திரும்பி வந்த குடும்பங்களோடு தொழில் பற்றிக் கதைக்கும்போது அநேகமாக முதலில் வரும் கேள்வி, "என்ன மெஷின் வாங்கலாம்?" என்பதுதான். இன்றைக்கு அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இன்னொரு கேள்வியை எடுப்போம். நீங்கள் செய்யப்போகும் பொருளை முன்பின் தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்குவாரா? அதை மெஷின் வாங்க முன்னரே, சில ஆயிரம் ரூபாவோடு அறிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது.

2010இல் இங்கிலாந்தில் ஜோயல் காஸ்கோயின் என்ற இளைஞர் 'பஃபர்' என்ற இணைய சேவையைத் தொடங்க நினைத்தார். அதைச் செய்ய முன்னர், சேவை என்னவென்று விளக்கும் ஒரேயொரு இணையப் பக்கத்தை மட்டும் போட்டார். பொத்தானை அழுத்தியவர்களுக்கு, "இன்னும் தயாராகவில்லை, மின்னஞ்சலைத் தாருங்கள்" என்று வந்தது. சிலர் தந்தார்கள். அவர் அதோடு நிற்கவில்லை. இடையில் விலைப் பட்டியல் உள்ள இன்னொரு பக்கத்தைச் சேர்த்தார். விலையைப் பார்த்த பிறகும் ஆட்கள் வருகிறார்களா என்று பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்கினார். "நல்லாயிருக்கு" என்பது ஒன்று, விலையைக் கண்ட பிறகும் "எனக்கு வேண்டும்" என்பது வேறு. அதைத்தான் அந்த இரண்டாம் பக்கம் காட்டியது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். பேசாலைப் பக்கத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்லும் தொகைகள் எல்லாம் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை. உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் மணல் இல்லாமல், பரணில் காயவைத்து, முள்ளும் தலையும் நீக்கிய கட்டாக் கருவாட்டை அரைக் கிலோப் பொதியாகக் கொழும்புக்கு விற்க நினைக்கிறார்கள். காற்று நீக்கிப் பொதி செய்யும் இயந்திரத்துக்கும் உலர்த்தும் கூடாரத்துக்கும் 1,80,000 ரூபா கடன் வேண்டும்.

முதலில் பக்கம். கைத்தொலைபேசியில் கூகுள் படிவம் ஒன்று காசில்லாமல் செய்யலாம், அது போதும். மேலே ஒரு படம். அது உங்கள் வீட்டுக் கருவாட்டின் படமாகவே இருக்கட்டும். கீழே, என்ன மீன், எத்தனை கிராம், கூரியரோடு சேர்த்து 2,000 ரூபா, எந்த வாரம் அனுப்புவோம் என்று நான்கு வரிகள். பிறகு பெயர், தொலைபேசி இலக்கம், எத்தனை பொதி. விலையை ஒளிக்க வேண்டாம். "விலைக்கு அழையுங்கள்" என்று போட்டால் விடுப்பு பார்க்கிறவர்கள்தான் கூட வருவார்கள். "இது முன்பதிவு. இப்போது பணம் தேவையில்லை, பொதி கையில் கிடைத்ததும் தாருங்கள்" என்றும் எழுதுங்கள். இல்லாத பொருளுக்கு முற்பணம் வாங்குவது சோதனை அல்ல.

அடுத்தது விளம்பரம். முகநூலில் தொழிலுக்கென்று ஒரு பக்கம் திறந்து, கொழும்பு மாவட்டத்தை மட்டும் தெரிவு செய்து, நாளுக்கு 500 ரூபாவாக ஏழு நாட்கள் விடுகிறார்கள். மொத்தம் 3,500. நோக்கம் எதுவென்று கேட்கும் இடத்தில் `Traffic` என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். `Engagement` என்று விட்டால் விருப்பக் குறி போடுகிறவர்களைத் தேடித்தான் முகநூல் கொண்டுவந்து காட்டும். முந்நூறு விருப்பக் குறிகளால் ஒரு பொதியும் விலைப்படாது. இணையத்தில் செலுத்தக்கூடிய வங்கி அட்டை இதற்குத் தேவை. மொத்தச் செலவுக்கு எல்லை போட்டுவிட்டே தொடங்குங்கள்.

விளம்பரம் விட முன்னர் ஒரு கணக்கைக் கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். ஒரு பொதிக்கு மீனும் உப்பும் 1,000, பை 60, கூரியர் 400. விற்பது 2,000. மிஞ்சுவது 540. அப்படியென்றால் 3,500 ரூபா விளம்பரத்துக்கு ஏழு பொதியாவது போனால்தான் கைநட்டம் இல்லை. இந்த ஏழு என்ற எண்ணை முன்னரே எழுதாவிட்டால், பிறகு மூன்று வந்தாலும் "பரவாயில்லை, தொடங்குவோம்" என்று மனம் சொல்லும். நானும் ஒருமுறை அப்படித்தான் ஏமாந்தேன்.

வாரம் முடிகிறது. 210 பேர் இணைப்பை அழுத்தியிருக்கிறார்கள். 24 பேர் படிவம் நிரப்பியிருக்கிறார்கள். இங்கே மகிழ்ந்துவிட வேண்டாம். அந்த 24 பேரையும் அழைக்க வேண்டும். ஒன்பது பேர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆறு பேர் "சும்மா பார்த்தேன்" என்கிறார்கள். மீதி ஒன்பது பேர் அனுப்பச் சொல்கிறார்கள். நமது எண் ஒன்பதுதான், இருபத்துநான்கு அல்ல. அந்த ஒன்பதிலும் கனடாவில் இருக்கும் மச்சான் சொல்லி ஓடர் போட்ட கொழும்பு உறவினர் இருந்தால், அதைக் கழிக்க வேண்டும். அவர் கருவாட்டுக்காக வாங்கவில்லை, உங்களுக்காக வாங்குகிறார். இதற்காகவே உறவினருக்கு அனுப்ப ஒரு படிவமும் விளம்பரத்துக்கு இன்னொரு படிவமும் தனித்தனியாக வைத்திருப்பது நல்லது.

இந்தக் குடும்பத்துக்கு ஒன்பதும் புதியவர்கள். ஏழைத் தாண்டியாயிற்று. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு ஓடரைப் பிடிக்க விளம்பரத்துக்கு 389 ரூபா போயிருக்கிறது. 540இல் அதைக் கழித்தால் 151தான் மிச்சம். 1,80,000 ரூபா கடனை 151, 151 ஆக அடைக்க ஏறக்குறைய 1,190 பொதி விற்க வேண்டும். வட்டி வேறு.

இந்த இடத்தில் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை, கடனுக்கும் ஓட வேண்டியதில்லை. இரண்டு பொதிகளை ஒன்றாக 3,700 ரூபாவுக்கு வைத்தால் கூரியர் 450 அளவில் நிற்கும். மீன், பை, கூரியர் எல்லாம் 2,570. மிஞ்சுவது 1,130. விளம்பரச் செலவு அதேயளவு என்றால் 741 கையில் நிற்கும். அதே கடனுக்கு 243 ஓடர் போதும். ஆனால் 3,700 என்றதும் அதேயளவு ஆட்கள் வருவார்களா? அது ஊகம்தான். ஆகவே விலையையும் அளவையும் மட்டும் மாற்றி, படத்தையும் ஊரையும் மாற்றாமல், இன்னொரு வாரம் விட்டுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

அதற்கிடையில் அந்த ஒன்பது பொதிகளையும் கையால் செய்து அனுப்ப வேண்டும். சாதாரணப் பையும் சூடு வைத்து ஒட்டும் சின்னக் கருவியும் போதும். உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், பொதியில் என்னென்ன எழுத வேண்டும் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். எத்தனை பேர் பொதியைத் திருப்பி அனுப்புகிறார்கள், ஒரு மாதத்தில் எத்தனை பேர் திரும்பக் கேட்கிறார்கள் என்பதைக் குறித்து வையுங்கள். இரண்டாம் முறை கேட்பவருக்கு விளம்பரச் செலவு இல்லை. உண்மையான இலாபம் அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சோதனை சொல்லாதவையும் உண்டு. இருபது பேர் மட்டும் அழுத்தியிருந்தால் எந்த முடிவும் எடுக்க முடியாது. வாங்க ஆள் இருக்கிறதா என்பதை இது காட்டும். மாரி மழையில் கருவாடு காயுமா, கட்டா விலை ஏறினால் என்ன செய்வது என்பதைக் காட்டாது. ஊருக்குள் சைக்கிள் திருத்தும் கடையோ, வலை பின்னும் வேலையோ என்றால் இது தேவையே இல்லை. வாங்குபவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இறங்குதுறையில் ஒரு காலை நின்று கேட்டாலே தெரிந்துவிடும்.

இரண்டாம் வாரத்திலும் எண் வராவிட்டால் 7,000 ரூபா போயிருக்கும். அப்போது "வேண்டாம்" என்று சொன்ன ஆறு பேரையும் இன்னொருமுறை அழைத்து, ஏன் என்று கேளுங்கள். விலையா, மணமா, பொதி வந்து சேராது என்ற பயமா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.