பின்னிணைப்புக்குப் போவது எது?



செயலாராய்ச்சி அறிக்கை எழுதும்போது எதைப் பின்னிணைப்பில் வைப்பது என்பதில் நமக்குக் குழப்பம் வருகிறது. கடன் வாங்கிக் கழித்தலை எடுத்துக்கொள்வோம். நாமக்கல் பிள்ளைகளுக்குத் தெரிந்த கணக்கு இது: ஓர் அட்டையில் 30 முட்டைகள், 12 விற்றாயிற்று, மீதி எத்தனை? சிலர் 22 என்று எழுதுவார்கள். பூஜ்ஜியத்திலிருந்து 2 போகாது என்பதால் 2லிருந்து பூஜ்ஜியத்தைக் கழித்துவிடுகிறார்கள். இந்த வினாவும் இந்தப் பிழையும் இல்லாமல் ஆய்வே புரியாது. ஆகவே இவை அறிக்கையின் உள்ளேயே இருக்க வேண்டும். முழு வினாத்தாளும் மாணவர்வாரி மதிப்பெண் பட்டியலும் பின்னிணைப்புக்குப் போகலாம். பட்டியலில் பெயர் வேண்டாம், வரிசை எண் போதும்.

வெறுமனே 'பின்னிணைப்பு காண்க' என்றால் படிப்பவர் எதைத் தேடுவார்? 'முன்தேர்வில் 32 பேரில் 19 பேர் இப்பிழையைச் செய்தனர் (மாணவர்வாரி விடைகள்: பின்னிணைப்பு 2)' என்று எழுதிப் பாருங்கள். முடிவு வாக்கியத்திலேயே இருக்கிறது. சரிபார்க்க விரும்புபவர் மட்டும் பின்னால் புரட்டுவார்.

பின்னிணைப்புகளுக்கு, அறிக்கையில் முதலில் குறிப்பிடப்படும் வரிசையில் எண் கொடுங்கள். கடைசி நேரத்தில் அனுமதிக் கடிதத்தை முன்னால் செருகினால் 2 என்பது 3 ஆகிவிடும்; உள்ளே பழைய எண்ணே நிற்கும். பின்தேர்வுக்கு இருவர் வராமல் பட்டியலில் 30 வரிசைதான் இருந்தால், அதை அறிக்கையின் உள்ளேயே சொல்லுங்கள்.

பக்கம் பக்கமாக ஒளிப்படங்கள் ஒட்டுகிறோமே, எந்த வாக்கியமும் சுட்டாத படங்களை எடுத்துவிடலாம்.