தேர்தல் முடிவுக்கு முந்தைய இரவு ஒரு கட்டக் கணக்கு

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. மக்களவைத் தேர்தலின் வாக்கு எண்ணிக்கைக்கு முந்தைய நாள். வார இறுதியில் வெளியான கருத்துக்கணிப்புகள் ஆளுங்கட்சிக்குப் பெரும் வெற்றி என்று சொல்லியிருந்ததால், நிஃப்டி ஒரே நாளில் 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,264 அருகே முடிந்தது. சந்தையின் பதற்றத்தை அளக்கும் இந்தியா விக்ஸ் 21-க்கு இறங்கியிருந்தது. அன்று மாலை ஆப்ஷன் விற்று வைத்திருந்த ஒருவர், தூங்கப் போகும் முன் என்ன கணக்குப் போட்டிருக்க வேண்டும் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஆப்ஷன் விற்பவர் ஏறத்தாழ காப்பீட்டு நிறுவனம் போன்றவர். பிரீமியத்தை இன்றே வாங்கிக்கொள்கிறார். விபத்து நடந்தால் நட்டத்தை அவர் தாங்க வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். இதில் வரும் விலைகள் புரிதலுக்காக நான் சூத்திரத்தில் கணக்கிட்டவை. சந்தையில் அன்று நடந்த விலைகள் அல்ல. நிஃப்டி 23,250. ஜூன் கடைசி வியாழன் முடியும் ஆப்ஷன்கள். நம்மவர் 22,000 புட், 24,500 கால் இரண்டையும் விற்கிறார். இப்படி இருபக்கமும் விற்பதை ஸ்ட்ரேங்கிள் என்பார்கள். அப்போது ஒரு லாட் 25. நான்கு நான்கு லாட் விற்றால் பக்கத்துக்கு 100. ஆப்ஷன் விலைக்குள் ஒளிந்திருக்கும் வாலட்டிலிட்டி, அதாவது இனி எவ்வளவு ஏறி இறங்கும் என்ற சந்தையின் எதிர்பார்ப்பு, 20 சதவீதம் என்று வைத்தால், கைக்கு வரும் பிரீமியம் சுமார் 18,000 ரூபாய்.

இவருடைய திரையில் டெல்டா என்றொரு எண் இருக்கும். நிஃப்டி ஒரு புள்ளி நகர்ந்தால் எவ்வளவு லாபம், எவ்வளவு நட்டம் என்று அது சொல்லும். கால் ஒரு பக்கம் இழுக்க, புட் மறுபக்கம் இழுக்க, இந்த இடத்தில் அது ஏறக்குறைய பூஜ்யம். ஆபத்தே இல்லை என்று தோன்றும். ஆனால் டெல்டா சிறு அசைவுக்கு மட்டுமே பொருந்தும். சந்தை 6 சதவீதம் விழுந்தால் டெல்டாவே முற்றிலும் வேறாகிவிடும். அதனால் டெல்டாவைப் பெருக்கிப் பார்ப்பதில் பயனில்லை. ஒவ்வொரு நிலைமைக்கும் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் விலையை முதலிலிருந்து மறுபடி கணக்கிட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டம்.

தாளில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக நிஃப்டியின் மாற்றங்களை எழுதுங்கள். மேற்பக்கம் இடமிருந்து வலமாக வாலட்டிலிட்டியை எழுதுங்கள்: 15, 20, 30. ஒவ்வொரு கட்டத்திலும், நாளை மாலை அந்த நிலை வந்தால் மொத்த லாப நட்டம் என்ன என்று நிரப்புங்கள். இன்று இதை ஒரு கணினி விரிதாளே நொடியில் செய்துவிடும்.

இனி நிரப்பிய கட்டத்தைப் படிப்போம். நிஃப்டி அசையவில்லை, பதற்றம் தணிந்து வாலட்டிலிட்டி 15-க்கு வந்தது என்றால் சுமார் 12,000 ரூபாய் லாபம். விற்றவர் கனவு கண்டது இந்தக் கட்டத்தைத்தான். நிஃப்டி 6 சதவீதம் விழுந்து, வாலட்டிலிட்டி 20-லேயே நின்றால் 34,000 ரூபாய் நட்டம். நிஃப்டி அங்கேயே நிற்க, வாலட்டிலிட்டி மட்டும் 30-க்கு ஏறினால்? 31,000 ரூபாய் நட்டம். ஒரு புள்ளிகூட நகராத சந்தை, 6 சதவீத வீழ்ச்சி அளவுக்குக் காசைப் பறிக்கிறது. இரண்டும் சேர்ந்தே வந்தால் நட்டம் 60,000 ரூபாய். வாங்கிய பிரீமியத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல். விலையை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இதில் பாதிதான் தெரிந்திருக்கும். எனக்கு இந்தக் கட்டக் கணக்கில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். பங்குக் குறியீடுகள் விழும்போது வாலட்டிலிட்டி பெரும்பாலும் ஏறும். எனவே வீழ்ச்சி வரிசையையும் உயர்ந்த வாலட்டிலிட்டியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மறுநாள் என்ன நடந்தது? ஆளுங்கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை கிடைக்கவில்லை. நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து 21,884-இல் முடிந்தது. விக்ஸ் இடையில் 31-ஐத் தாண்டி, 27 அருகே நின்றது. நம் உதாரண ஸ்ட்ரேங்கிளுக்கு நாள் முடிவில் 50,000 ரூபாய்க்கு மேல் நட்டம்.

6 சதவீதம் என்ற அளவை எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்பீர்கள். நடந்து முடிந்த பிறகு எடுப்பது எளிது. முந்தைய நாளே எடுக்க, பழைய தேர்தல்களைப் பார்க்க வேண்டும். 2004 மே 17 அன்று நிஃப்டி 12 சதவீதம் விழுந்தது. 2009 மே 18 அன்று 17 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 2019 முடிவு நாளில் ஒரு சதவீதம்கூட மாறாமல் முடிந்தது. ஆக, கட்டம் இருபக்கமும் 15 சதவீதம் வரையாவது நீள வேண்டும். அந்தக் கடைசி வரிசையில் நம்மவர் நட்டம் 2 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. அது நடக்க வாய்ப்பு குறைவு என்று வரிசையை அழித்துவிடக் கூடாது. அந்தத் தொகையைத் தாங்க முடியுமா என்பதுதான் கேள்வி.

தாங்க முடியாதென்றால், கட்டமே வழியும் காட்டும். 21,000 புட்டையும் 25,500 காலையும் அதே அளவு வாங்கிச் சேர்த்து மறுபடி நிரப்பிப் பாருங்கள். நம் கணக்கில் செலவு 2,800 ரூபாய். 60,000 ரூபாய் நட்டக் கட்டம் 31,000-க்குச் சுருங்குகிறது. 2 லட்சம் என்ற கட்டம் 85,000-க்கு மேல் போகாது. இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லா ஸ்ட்ரைக்குக்கும் ஒரே வாலட்டிலிட்டி என்று நான் வைத்துக்கொண்டேன். உண்மையில் தொலைவிலுள்ள புட்களுக்குச் சந்தை கூடுதல் வாலட்டிலிட்டியை ஏற்றித்தான் விற்கும். அந்தப் பாதுகாப்பு இதைவிட விலை கூடவே கிடைக்கும்.

இன்னொன்று, எல்லாத் தவணைக்கும் ஒரே அதிர்ச்சியைக் கொடுக்கக் கூடாது. அந்த வாரமே முடியும் ஆப்ஷனின் வாலட்டிலிட்டி பெரிதாகத் துள்ளும்; மூன்று மாதத் தவணையுடையது கொஞ்சமே அசையும். வாரத் தவணையை விற்று மாதத் தவணையை வாங்கியவர், இரண்டுக்கும் பத்துப் பத்துப் புள்ளி ஏற்றிச் சோதித்தால், இல்லாத லாபத்தைக் கட்டம் காட்டிவிடும்.

பங்குச் சந்தையின் மார்ஜின் கணக்கும் இதே வழிதான். ஸ்பான் என்ற அந்த முறை, விலையும் வாலட்டிலிட்டியும் மாறும் 16 நிலைகளை ஓட்டிப் பார்க்கிறது. ஆனால் அதன் வீச்சைப் பங்குச் சந்தை தீர்மானிக்கிறது. நாளைய தேர்தல் முடிவுக்கான வீச்சை நீங்கள் தீர்மானிக்க வேண்டும்.

கட்டத்தை நிரப்பியதும், மோசமான எண்ணின் பக்கத்தில் கணக்கில் இருக்கும் ரொக்கத்தை எழுதுங்கள். நாள் முடிவு விலையை மட்டும் வைத்து அதைச் செய்யாதீர்கள். ஜூன் 4 அன்று நிஃப்டி நடுவில் 21,281 வரை இறங்கியது. அந்த நேரத்தில் நம் ஸ்ட்ரேங்கிளின் நட்டம் சுமார் 90,000 ரூபாய். ஜூன் 5 அன்றே நிஃப்டி 22,620-க்கு மீண்டு, விக்ஸ் 19-க்குக் கீழே வந்தது. ஆனால் முந்தைய நாள் மார்ஜின் கட்டப் பணம் இல்லாமல் தரகரால் நிலை மூடப்பட்டவருக்கு அந்த மீட்சி கிடைத்திருக்காது.