இலவச டிவியில பிஎஸ்4: அந்தக் குட்டி சுவிட்ச் எதுக்கு?

சிம்மக்கல் பக்கம் சில வீட்ல 2006-க்கு அப்புறம் அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவி இன்னும் ஓடிட்டு இருக்கு. அதுல பிஎஸ்4 விளையாடலாம். நடுவுல ஒரு கன்வெர்ட்டர் டப்பா போதும். வாங்கும்போது மேல HDMI2AV-னு போட்டிருக்கான்னு பாருங்க. AV2HDMI-னு இன்னொண்ணு பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், வேலை தலைகீழ்.

பிஎஸ்4-ல இருந்து எச்டிஎம்ஐ கேபிள் டப்பாவுக்கு. டப்பாவுல இருந்து மஞ்சள் ஒயர் படத்துக்கு, வெள்ளை ஒயர் சத்தத்துக்கு. டப்பாவுக்கு கரண்ட் ஃபோன் சார்ஜர்லயே எடுக்கலாம். ரிமோட்ல AV அழுத்துங்க.

படம் கறுப்பு வெள்ளையா வருதா, இல்ல மேலயும் கீழயும் ஓடுதா? டிவி கெட்டுப்போகல. டப்பாவுல PAL, NTSC-னு ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். நம்ம ஊர் பழைய ஒளிபரப்பு PAL-ல இருந்துச்சு, அந்தப் பக்கம் தள்ளினா கலர் வந்துடும்.

ஆனா பிஎஸ்4 விநாடிக்கு 60 தடவை படம் அனுப்புது, PAL-க்கு 50 தான் கணக்கு. மிச்சத்தை டப்பா விட்டுடும். கார் ரேஸ்ல ரோடு திக்கித் திக்கி நகர்றது அதனாலதான். NTSC-லயும் உங்க டிவி கலர் காட்டுச்சுன்னா அதையே வச்சுக்கோங்க, வழுக்கிட்டுப் போகும்.

எழுத்துக்கு மட்டும் வைத்தியம் இல்ல. 1080 கோடு படத்தை NTSC-ல 480-க்குள்ள அமுக்குறோம், பொடி எழுத்து கரைஞ்சுடும். ஃபுட்பால், சண்டை கேம் ஓகே. வசனம் படிச்சு ஆடுற கேமுக்கு இந்த டிவி வேணாம்.