கால் அசையாத விடியற்காலை

28 வயது இளைஞர், மாலையில் பேட்மிண்டன் ஆடிவிட்டு, இரவு வயிறு நிறையப் பரோட்டா சாப்பிட்டுப் படுத்தார். விடியற்காலை கால் இரண்டும் அசையவில்லை. பேச்சு, தொடு உணர்ச்சி எல்லாம் சரியாக இருந்தன. பக்கவாதமோ என்று வீட்டார் பயந்துவிட்டார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 2.1தான், 3.5-க்குக் குறையக் கூடாது.

அது உடலைவிட்டுப் போகவில்லை. மிகையாகச் சுரந்த தைராய்டும், சாப்பாட்டுக்குப் பின் கூடிய இன்சுலினும் அதைத் தசைக்குள் தள்ளிவிட்டன. அது தானே ரத்தத்துக்குத் திரும்பும். அதனால் இசிஜி பார்த்தபடி, அளவாகத்தான் பொட்டாசியம் கொடுத்தோம். மிஞ்சினால் இதயத்துக்கு ஆபத்து. மதியம் நடந்தார். எடை குறைந்ததையும் கை நடுக்கத்தையும் ஜிம்மால் என்று நினைத்திருந்தாராம்!

தைராய்டு கட்டுக்குள் வரும்வரை இது மறுபடி வரலாம். இப்படி நேர்ந்தால் இளநீர் கொடுத்துக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தைராய்டு பரிசோதனையையும் கேட்டுச் செய்யுங்கள்.