விரல் இசிவும் இருதயமும்



சில வருஷங்களுக்கு முன் என்னிடம் வந்த ஓர் அம்மையாரின் வரலாற்றைக் கூறி, அதன் வாயிலாக இன்றைய விஷயத்தை விளக்க விரும்புகிறேன்.

அவருக்கு வயது 62. நெஞ்செரிச்சலுக்காக ஓமிப்ரசோல் மாத்திரையை ஆறு வருஷமாக நாள்தோறும் உட்கொண்டு வந்தார். முதலில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரமரப்பு உண்டாயிற்று. பின்னர்க் கெண்டைக்கால் தசைகள் துடித்தன. ஓரிரவு கைவிரல்கள் நீண்டபடியே ஒன்றாய்க் குவிந்து, கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கி, மணிக்கட்டு வளைந்து நின்றுவிட்டது. பக்கவாதமென்று வீட்டார் அஞ்சினர்.

இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைப் புயத்திற் கட்டி, மேல் அழுத்தத்திற்குச் சற்று மிகுதியாகக் காற்றேற்றி மூன்று நிமிஷம் வைத்தேன். கை மீண்டும் அவ்வாறே குவிந்தது. 19-ம் நூற்றாண்டில் துரூசோ என்னும் பிரெஞ்சு வைத்தியர் எடுத்துரைத்த குறி இதுவே. இரத்தத்தைச் சோதித்ததில், 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்கவேண்டிய கால்ஷியம் 6.8 தான் இருந்தது.

கால்ஷியம் நரம்பின் வாயிலிற் காவலன்போல் நிற்பது. அது குறைந்தால் நரம்பு தூண்டுவாரின்றித் தானே கிளர்ந்து தசையை இசிக்கச் செய்யும். இருதயத்திலோ, ஒரு துடிப்பு முடிந்து அடுத்ததற்கு ஆயத்தமாகும் காலம் நீளும். மின்படத்தில் இதனை க்யூ-டி இடைவெளி என அளப்பர். நாடி வேகத்திற்கேற்பத் திருத்திக் கணித்தால், பெண்களுக்கு அது 0.46 விநாடிக்கு மேற்படலாகாது. இவருக்கு 0.52 இருந்தது. இந்நிலையில் இருதயம் திடீரெனத் தாறுமாறாக ஓடி மயக்கமும், சிலவேளை மரணமும் நேரக்கூடும்.

மின்படத்தைக் கவனித்துக்கொண்டே கால்ஷியத்தைப் பத்து நிமிஷத்தில் மெல்ல இரத்தக்குழாயிற் செலுத்தினோம். இசிவு நீங்கிற்று, சில மணி நேரத்தில் திரும்பிவிட்டது. மறுநாள்தான் மக்னீஷியத்தைச் சோதித்தேன். 1.7-க்குக் குறையாதிருக்க வேண்டியது 0.7 இருந்தது. முதல் நாளே பாராதது என் பிழை.

கழுத்திலுள்ள பாராதைராய்டுச் சுரப்பிகளே கால்ஷியத்தை நிலைநிறுத்துபவை. மக்னீஷியம் மிகக் குறைந்தால் அவை தம் ரசத்தைச் சுரவா; சுரந்ததற்கும் எலும்பு இணங்காது. ஆகவே மக்னீஷியமின்றிக் கால்ஷியம் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். அம்மாத்திரை குடலில் மக்னீஷியம் சேர்வதைச் சிலருக்குத் தடுக்கிறது. வேறுவகை மருந்துக்கு மாற்றி மக்னீஷியம் ஏற்றவே, நான்கு நாட்களில் கால்ஷியமும் மின்படமும் சீராயின.

கண்ணிமை துடிப்பதெல்லாம் இந்நோயன்று. உறக்கக் குறைவாலும் அது துடிக்கும். அச்சத்தால் வேகமாக மூச்சுவிடுவோர்க்கும் விரல்கள் இவ்வாறு குவிவதுண்டு. ஆனால் வாயைச் சுற்றி மரமரப்பும் விரற்குவிவும் மீண்டும் மீண்டும் வருமாயின், கால்ஷியம், மக்னீஷியம், மின்படம் ஆகிய மூன்றையும் ஒருங்கே பார்க்கும்படி வைத்தியரை வேண்டுங்கள். உட்கொள்ளும் மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். நீங்களாக அவற்றை நிறுத்தவும் வேண்டாம். மக்னீஷியம் வாங்கி உண்ணவும் வேண்டாம். சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு அது உடலில் தேங்கி, மூச்சையும் இருதயத்தையும் அடக்கிவிடும்.