பாஸ்வேர்டு சரி, வைஃபை மட்டும் வரவில்லை



விடுதியில் இருக்கும் பிள்ளை, "பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன், வைஃபை ஏற்கவில்லை" என்றால், போனை உடனே பழுது கடைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஒவ்வொரு போனுக்கும் தயாரிக்கும்போதே 12 இலக்க மேக் முகவரி ஒன்று தரப்படுகிறது. சில விடுதிகள் அதை எழுதி வாங்கி, பட்டியலில் உள்ள போன்களை மட்டும் ரௌட்டரில் அனுமதிக்கின்றன. ஆனால் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து போன்கள் அசல் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு முகவரியைத் தாமே உருவாக்கிக் காட்டுகின்றன. போகுமிடமெல்லாம் நம்மைப் பின்தொடராமல் தடுக்கும் நல்ல ஏற்பாடுதான் அது.

பிள்ளை எழுதிக் கொடுத்தது 3C என்று தொடங்கும் அசல் முகவரி. ரௌட்டருக்குத் தெரிவதோ D6 என்று தொடங்கும் வேறொன்று. பட்டியலில் இல்லாததால் கதவு திறப்பதில்லை. இரண்டாவது இலக்கம் 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் அது போன் உருவாக்கியதே.

ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் பெயரைத் தொட்டு, Privacy என்பதில் Use device MAC தேர்ந்தெடுத்து மீண்டும் இணைக்கலாம். ஐபோனில் Private Wi-Fi Address என்பதை நிறுத்த வேண்டும். புதிய முகவரியையே வார்டனிடம் பதியவும் செய்யலாம். ஆனால் போனை ரீசெட் செய்தால் அது மாறிவிடும். ஆகவே முதல் வழியே எங்களுக்குச் சரியாகப் படுகிறது. அதையும் விடுதி வைஃபைக்கு மட்டும் செய்யுங்கள்; கடை, ரயில் நிலைய வைஃபைகளில் மறைப்பு அப்படியே இருக்கட்டும்.